உணவைக் குறைத்த சைவ உணவினருக்கு இரும்பு, பி12, வைட்டமின் டி குறைகிறதா? பரிசோதிக்கும் முறையும் அறிக்கையைப் படிக்கும் வரிசையும்

எடையைக் குறைப்பதற்காக ஐந்து மாதங்கள் உணவைக் குறைத்திருந்த 34 வயதுப் பெண் ஒருவர் தம் ரத்த அறிக்கையோடு என்னிடம் ஆலோசனைக்கு வந்தார். பிறந்ததிலிருந்து சைவ உணவு, முட்டையும் இல்லை. அறிக்கையில் ஹீமோகுளோபின் 12.1 என்று இருந்தது, பக்கத்தில் அச்சிட்டிருந்த வரம்பு 12 முதல் 15 வரை. சிவப்பணுவின் சராசரி அளவைச் சொல்லும் எம்.சி.வி. 86, அதுவும் வரம்புக்குள்தான். "ரத்தம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள், மேடம். ஆனால் இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, தலை சீவினால் முடி கொத்தாக வருகிறது, காலையில் பாதம் மரத்த மாதிரி இருக்கிறது" என்றார். அதே தாளில், யாரும் விரல் வைக்காத ஒரு வரியில், சிவப்பணுக்களின் அளவு ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகிறது என்பதைச் சொல்லும் ஆர்.டி.டபிள்யூ. 16.8 என்று இருந்தது. அந்த ஒரு வரிதான் மற்ற இரண்டு எண்களையும் அப்படியே நம்பக்கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தது.

இந்த வழிகாட்டி அந்த அறிக்கையைச் சுற்றியே செல்கிறது. சைவ உணவினர் உணவின் அளவைக் குறைக்கும்போது இரும்பும் பி12-ம் ஒன்றாகக் குறையலாம். அப்போது ஒன்று மற்றொன்றின் அடையாளத்தை ரத்தத்தில் மறைத்துவிடும். ஆகவே எந்தெந்தப் பரிசோதனைகளைச் சேர்த்துக் கேட்பது, அவற்றை எந்த வரிசையில் படிப்பது என்பதே இங்கே முக்கியம். மருந்தின் அளவை உங்களைப் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் சரியான பரிசோதனையைக் கேட்டுப் பெறுவதற்கும், வந்த எண்களைப் புரிந்துகொள்வதற்கும் கீழே உள்ளவை போதும்.

உணவு குறையும்போது உள்ளே என்ன நடக்கிறது

கலப்பு உணவில் ஆயிரம் கலோரிக்குச் சுமார் 6 மில்லிகிராம் இரும்பு இருக்கும் என்பது ஊட்டச்சத்துத் துறையில் நெடுங்காலமாகப் பயன்படும் ஒரு தோராயக் கணக்கு. அந்தப் பெண் முன்பு 1,900 கலோரி அளவில் சாப்பிட்டுவந்தார். அப்போது அவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 11.4 மில்லிகிராம். 1,200 கலோரியாகக் குறைத்தபோது அது 7.2 ஆனது. உண்ட இரும்பு முழுவதும் உடலில் சேர்வதில்லை. தாவர உணவிலுள்ள இரும்பில் ஒரு சிறு பங்கே உறிஞ்சப்படுகிறது. கணக்குக்காக அதை 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் முன்பு நாளொன்றுக்கு 1.4 மில்லிகிராம் சேர்ந்தது, இப்போது 0.86 மட்டுமே சேர்கிறது. மாதவிடாய் உள்ள ஒரு பெண், அந்த இழப்பையும் மாதம் முழுவதும் பரவலாக்கிப் பார்த்தால், நாளொன்றுக்குச் சுமார் 1.5 மில்லிகிராம் இரும்பை இழக்கிறார். முன்பு வரவும் செலவும் ஏறக்குறையச் சமமாக இருந்தன. இப்போது தினமும் 0.64 மில்லிகிராம் பற்றாக்குறை விழுகிறது. 150 நாட்களில் அது 96 மில்லிகிராம்.

இந்தப் பற்றாக்குறையை உடல் உடனே ரத்தத்திலிருந்து எடுப்பதில்லை. முதலில் சேமிப்பிலிருந்துதான் எடுக்கும். ஃபெரிட்டின் என்பது அந்தச் சேமிப்பின் அளவுகோல். அதில் ஒவ்வொரு அலகும், அதாவது லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம், ஏறத்தாழ 8 மில்லிகிராம் சேமித்த இரும்பைக் குறிக்கும். 96 மில்லிகிராம் போனால் ஃபெரிட்டின் சுமார் 12 இறங்கும். தொடக்கத்தில் 60 வைத்திருந்தவருக்கு இது ஒன்றுமில்லை. 23 வைத்திருந்தவருக்கு 11 ஆகிவிடும். சேமிப்பு இறங்க இறங்கக் குடல் சற்றுக் கூடுதலாக உறிஞ்சும் என்பதால் உண்மையான வீழ்ச்சி இதைவிடக் கொஞ்சம் மெதுவாக இருக்கலாம். ஆனால் திசை இதுதான். ஹீமோகுளோபின் இறங்குவது இந்தப் பாதையின் கடைசியில்தான்.

பி12 வேறு மாதிரி. அது தாவரங்களில் இல்லை. பால், தயிர், முட்டை, பி12 செறிவூட்டிய உணவுகள் ஆகியவற்றிலிருந்துதான் சைவ உணவினருக்கு வர வேண்டும். நூறு மில்லி பாலில் ஏறத்தாழ 0.4 முதல் 0.5 மைக்ரோகிராம் இருக்கும். பெரியவர்களுக்கான பரிந்துரை நாளொன்றுக்கு 2.4 மைக்ரோகிராம். அந்தப் பெண் கொழுப்பைக் குறைக்கிறேன் என்று அரை லிட்டர் பாலையும் தயிரையும் விட்டு, தேநீரில் விடும் 150 மில்லி பாலோடு நிறுத்திக்கொண்டார். வரவு 2.2-லிருந்து 0.7-க்கு வந்தது. இருந்தாலும் நல்ல சேமிப்புள்ள உடலின் கல்லீரலில் ஆயிரக்கணக்கான மைக்ரோகிராம் பி12 இருக்கும். ஒரு நாளில் இழப்பது அதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஐந்து மாதம் உணவைக் குறைத்ததால் மட்டும் பி12 தீர்ந்துவிடாது. பல ஆண்டுகளாக விளிம்பில் இருந்ததை இந்த ஐந்து மாதம் விளிம்புக்குக் கீழே தள்ளியது என்று சொல்வதே சரி. மீண்டும் பழைய அளவில் சாப்பிடத் தொடங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுவது பி12 விஷயத்தில் பொருந்தாது என்பதால் இதைச் சொல்கிறேன்.

வைட்டமின் டி-யைப் பொறுத்தவரை உணவைக் குறைத்தது சிறு காரணம்தான். பெரும்பாலானவர்களுக்கு அது தோலில் விழும் வெயிலிலிருந்து வருகிறது. உணவில் இயற்கையாகவே மிகக் குறைவு. செறிவூட்டிய பாலை நம்பியிருந்தவர் அதை நிறுத்தினால் மட்டும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியும்.

முதல் படி: மூன்று நாள் உணவை எழுதுங்கள்

வேலை நாள் இரண்டு, விடுமுறை நாள் ஒன்று என்று மூன்று நாட்கள் உண்டதையும் குடித்ததையும் அளவோடு எழுதுங்கள். கலோரியைவிட நான்கு கேள்விகளுக்கு விடை தெரிந்தால் போதும். பால், தயிர் இரண்டும் சேர்த்து ஒரு நாளில் எத்தனை மில்லி? பருப்பு, பயறு, கீரை, முழுத்தானியம் ஆகியவற்றில் எது பாதியாகக் குறைந்தது? தேநீரோ காபியோ உணவோடு சேர்ந்து போகிறதா, இடைவெளி விட்டா? ஏற்கெனவே விழுங்கிவரும் மாத்திரைகள், சத்து மாவுகள் என்னென்ன, அவற்றின் உறையில் என்ன எழுதியிருக்கிறது?

மூன்றாவது கேள்வி சிறியதாகத் தோன்றினாலும் அதன் விளைவு பெரிது. தேநீரிலுள்ள துவர்ப்புப் பொருட்கள் அதே வேளை உணவின் இரும்பைப் பிடித்துக்கொண்டு குடலில் சேரவிடாமல் செய்கின்றன. பயறு, முழுத்தானியங்களிலுள்ள ஃபைட்டிக் அமிலமும் அப்படியே. வைட்டமின் சி இதற்கு நேர்மாறு. அதே வேளையில் எலுமிச்சையோ கொய்யாவோ சேர்ந்தால் உறிஞ்சுதல் கூடுகிறது. ஒரே அளவு இரும்பை உண்ணும் இருவரின் ஃபெரிட்டின் இரு வேறு திசையில் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாம் படி: உடலில் தெரிபவற்றைக் குறியுங்கள்

சோர்வு, முடி உதிர்தல், கவனக் குறைவு ஆகியவை மூன்று குறைபாட்டிலும் வரும். உணவைக் குறைத்ததாலேயேகூட வரும். எடை வேகமாகக் குறைந்து இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டுவது, எந்தச் சத்தும் குறையாதவர்களிடமும் உண்டு. எனவே இவற்றை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

சற்றே குறிப்பாகப் பேசும் அறிகுறிகள் சில உண்டு. ஐஸ் கட்டி, பச்சரிசி, சாக்பீஸ், மண் போன்றவற்றைத் தின்னத் தோன்றுவதும், இரவில் கால்களை ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றுவதும் இரும்பின் பக்கம் கை காட்டும். இரு பாதங்களிலும் ஒரே மாதிரி மரத்துப்போதல், கண்ணை மூடி நின்றால் தள்ளாடுதல், நாக்கு வழவழப்பாகி எரிதல் ஆகியவை பி12-ஐச் சுட்டும். தரையில் உட்கார்ந்து எழும்போது கை ஊன்ற வேண்டியிருப்பதும், முன்னங்கால் எலும்பை விரலால் அழுத்தினால் வலிப்பதும் வைட்டமின் டி மிகவும் குறைந்த நிலையில் வருபவை.

பாதம் மரத்திருந்தால் அதைத் தள்ளிப்போடாதீர்கள். மருத்துவர் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையை அதிரவைத்துக் கால் பெருவிரல் மூட்டில் வைத்துப் பார்ப்பார். அதிர்வு நிற்பதற்கு முன்பே உங்களுக்கு நின்றுவிட்டதாகத் தோன்றினால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். பி12 குறைபாட்டில் ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே நரம்பு கெடத் தொடங்கலாம். நாள் கடந்தால் அந்தப் பாதிப்பு முழுவதும் திரும்பாமலும் போகலாம். மேலே சொன்ன பெண்ணுக்கு அதிர்வு தெரிந்தது, ஆனால் விரலைவிடக் கணுக்காலில் தெளிவாகத் தெரிந்தது.

மூன்றாம் படி: ரத்தம் கொடுப்பதற்கு முன்

பரிசோதனை வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பி12 மாத்திரையோ ஊசியோ எடுத்த பிறகு சோதித்தால் ரத்தத்தில் எண் உயர்ந்துவிடும். உடலின் உண்மையான நிலை அதில் தெரியாது. ஆகையால் சந்தேகம் வந்தவுடன் மாத்திரை வாங்காமல், முதலில் ரத்தம் கொடுத்துவிடுவதே நல்லது. நரம்பு அறிகுறி உள்ளவர்களுக்கும் இதே வரிசைதான்: ரத்தம் எடுத்த அன்றே மருத்துவர் சிகிச்சையைத் தொடங்கலாம், முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அடுத்தது பயோட்டின். முடி கொட்டுகிறது என்று பலர் விழுங்கும் மாத்திரைகளில் 5 முதல் 10 மில்லிகிராம் பயோட்டின் இருக்கும்; இது அன்றாடத் தேவையைவிட நூறு மடங்குக்கும் மேல். பரிசோதனைக்கூடங்களின் பல கருவிகள் ரத்தத்தில் ஒரு பொருளைப் பிடிக்கப் பயோட்டினையே ஒட்டும் பொருளாகப் பயன்படுத்துகின்றன. அத்தகைய கருவியில் ஃபெரிட்டின் உண்மையைவிடக் குறைவாகவும், பி12-ம் வைட்டமின் டி-யும் உண்மையைவிடக் கூடுதலாகவும் காட்டலாம். முடி உதிர்வதற்கான காரணத்தைத் தேடும் சோதனையையே முடி மாத்திரை குழப்பிவிடுகிறது. குறைந்தது மூன்று நாட்களுக்கு முன் அதை நிறுத்திவிட்டு, எடுத்துவந்ததாகப் பரிசோதனைக்கூடத்திலும் சொல்லுங்கள்.

காய்ச்சல், தொற்று, வீக்கம் இருக்கும்போது ஃபெரிட்டின் தானாக உயரும். இரும்பு குறைந்தவருக்கும் நல்ல எண் வந்துவிடும். சளிக்காய்ச்சல் நீங்கி இரண்டு வாரமாவது கழித்துச் செல்லுங்கள். ரத்தத்தில் சுற்றும் இரும்பையும் சேர்த்துச் சோதிப்பதானால் முந்தைய நாள் இரும்பு மாத்திரையைத் தவிர்த்து, காலையில் வெறும் வயிற்றில் கொடுங்கள். அந்த எண் ஒரே நாளுக்குள் மேலும் கீழும் ஆடும் இயல்புடையது. ஃபெரிட்டினுக்கு அந்தக் கட்டுப்பாடு தேவையில்லை.

நான்காம் படி: எவற்றைக் கேட்பது

முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், சி.ஆர்.பி., பி12, 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி ஆகிய ஐந்தும் முதல் சுற்றுக்குப் போதும். பல "ரத்தசோகைத் தொகுப்பு"களில் ஃபெரிட்டினுக்குப் பதிலாகச் சீரம் இரும்பு மட்டுமே இருக்கும். அது தனியே நின்றால் பயனில்லை என்பதால் பட்டியலைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். சி.ஆர்.பி. எதற்கென்றால், ஃபெரிட்டின் எண்ணை வீக்கம் ஏதும் உயர்த்திக் காட்டவில்லை என்று உறுதிசெய்வதற்கு.

வைட்டமின் டி-யில் பெயர் முக்கியம். 1,25-டைஹைட்ராக்சி என்றொரு பரிசோதனையும் உண்டு. குறைபாடு உள்ளவர்களுக்கும் அது இயல்பாகவோ சற்று உயர்ந்தோ வரும் என்பதால் இந்தக் கேள்விக்கு அது விடை தராது.

ஐந்தாம் படி: அறிக்கையைப் படிக்கும் வரிசை

பெரும்பாலோர் ஹீமோகுளோபினிலிருந்து தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். நான் ஃபெரிட்டினிலிருந்து தொடங்கச் சொல்வேன். உலக சுகாதார நிறுவனம் ஆரோக்கியமான பெரியவர்களுக்கு 15-க்குக் கீழே இருந்தால் இரும்புக் குறைபாடு என்கிறது. தொற்றோ வீக்கமோ இருப்பவர்களுக்கு அந்த எல்லை 70. அறிகுறிகளோடு வருபவர்களுக்கு 30-க்குக் கீழே இருந்தாலே குறைபாடாகக் கருதும் மருத்துவர்கள் பலர். அச்சிட்ட வரம்பு சில அறிக்கைகளில் 10-லிருந்தே தொடங்குகிறது. அப்படிப்பட்ட தாளில் 11 என்ற எண் தடித்த எழுத்தில் வராது, யார் கண்ணிலும் படாது. அந்தப் பெண்ணைத் திரும்ப அனுப்பிச் சோதித்தபோது வந்த ஃபெரிட்டின் சரியாக 11. சி.ஆர்.பி. 1-க்கும் கீழே இருந்ததால் அந்த 11-ஐ அப்படியே நம்பலாம்.

இரண்டாவதாக எம்.சி.வி.-யையும் ஆர்.டி.டபிள்யூ.-வையும் சேர்த்துப் பாருங்கள். இரும்பு குறைந்தால் சிவப்பணுக்கள் சிறுக்கும், எம்.சி.வி. 80-க்குக் கீழே வரும். பி12 குறைந்தால் அணுக்கள் பெருக்கும், 100-க்கு மேலே போகும். இரண்டும் ஒருங்கே குறைந்தால் சிறிய அணுக்களும் பெரிய அணுக்களும் கலந்து ஓடும். சராசரி எடுத்தால் 86 என்று அழகாக நடுவில் வந்து நிற்கும். சராசரியால் காட்ட முடியாத இந்தக் கலப்பைக் காட்டுவதுதான் ஆர்.டி.டபிள்யூ.; அணுக்களின் அளவு ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகிறது என்பதை அது சொல்கிறது. ஏறத்தாழ 14.5-க்குள் இருக்க வேண்டியது 16.8 என்று வந்தால், "நடுவில்" இருக்கும் எம்.சி.வி. நலத்தின் அடையாளம் அல்ல. மாறாக எம்.சி.வி. மிகவும் தாழ்ந்து, ஃபெரிட்டின் நன்றாக இருந்தால், பரம்பரையாக வரும் தலசீமியா கூறு இருக்கலாம். அவர்கள் இரும்பு மாத்திரை விழுங்குவதில் பொருளில்லை.

இன்னொரு மறைப்பும் உண்டு. கீரையும் பயறும் நிறைய உண்பவர்களுக்கு ஃபோலேட் தாராளமாகக் கிடைக்கும்; ஃபோலிக் அமிலம் உள்ள மாத்திரை எடுப்பவர்களுக்கு அதைவிடக் கூடுதலாக. பி12 இல்லாத நிலையிலும் ஃபோலேட் சிவப்பணு உற்பத்தியை ஓரளவு நடத்திவிடுவதால், ரத்தம் இயல்பாகத் தெரியும், நரம்பு மட்டும் உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும். இதனால்தான் சைவ உணவினருக்கு எம்.சி.வி. உயரும்வரை பி12 சோதனையை ஒத்திவைப்பது பிழையாகிறது.

மூன்றாவது பி12. ஒரு மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாடு. 300-க்கு மேலே என்றால் பெரும்பாலும் கவலையில்லை. இடையிலுள்ள பகுதிதான் சிக்கலானது. ரத்தத்தில் அளக்கும் பி12-இல் பெரும்பகுதி, அணுக்களுக்குள் செல்லாத வேறொரு புரதத்தோடு ஒட்டிக்கொண்டு சுற்றுவது. ஆகவே எண் ஓரளவு இருந்தும் அணுக்கள் பசியோடு இருக்கலாம். அந்தப் பெண்ணின் எண் 238. இந்த நிலையில் இரண்டாம் சுற்றாக மெத்தில்மலோனிக் அமிலம் அல்லது ஹோமோசிஸ்டீன் சோதிக்க வேண்டும். பி12 இருந்தால்தான் உடல் இவ்விரண்டையும் வேறு பொருளாக மாற்ற முடியும். இல்லாவிட்டால் அவை ரத்தத்தில் தேங்கும். மெத்தில்மலோனிக் அமிலம் பி12-ஐ மட்டும் குறிப்பதால் அதுவே மேல், ஆனால் எல்லாப் பரிசோதனைக்கூடங்களிலும் கிடைப்பதில்லை. ஹோமோசிஸ்டீன் ஃபோலேட், பி6 குறைவிலும், தைராய்டு சுரப்பு குறைந்தாலும் உயரும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இரண்டுமே உயரும். ஹோமோசிஸ்டீனுக்கு எடுத்த ரத்தத்தை உடனே குளிரவைத்துப் பிரிக்காவிட்டால், சிவப்பணுக்களே அதை வெளிவிட்டு எண்ணைப் பொய்யாக உயர்த்திவிடும். வீட்டுக்கு வந்து எடுத்துச்செல்லும் மாதிரிகளில் இது நேரலாம் என்பதால் பரிசோதனைக்கூடத்துக்கே சென்று கொடுப்பது நல்லது. அவருக்கு ஹோமோசிஸ்டீன் 21 வந்தது. 15-க்குள் இருக்க வேண்டியது. மரத்த பாதம், 238, 21, சிதறிய அணு அளவு என்று நான்கும் ஒரே பக்கம் பேசியபோது மருத்துவருக்கு ஐயமே எழவில்லை.

நான்காவதாக வைட்டமின் டி. ஒரு மில்லிலிட்டருக்கு 12 நானோகிராமுக்குக் கீழே என்றால் தெளிவான குறைபாடு. 20-க்கு மேலே இருந்தால் பெரும்பாலோரின் எலும்புக்குப் போதும். சில அறிக்கைகள் நானோமோலில் தரும், அதை 2.5-ஆல் வகுத்தால் நானோகிராம் கிடைக்கும். 50 என்று பார்த்து மகிழ்வதற்கு முன் அலகைப் பாருங்கள், அது 20 ஆக இருக்கலாம். அறிக்கையில் 30-க்குக் கீழே எல்லாம் "போதாமை" என்று அச்சிட்டிருந்தால் அதற்காக அஞ்ச வேண்டாம். எந்த எண்ணில் கோடு போடுவது என்பதில் மருத்துவ அமைப்புகளுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. எண் மிகத் தாழ்ந்திருந்தால் கால்சியம், பாஸ்பரஸ், அல்கலைன் பாஸ்பட்டேஸ் மூன்றையும் மருத்துவர் பார்ப்பார். அந்தப் பெண்ணுக்கு 14.

ஆறாம் படி: ஈடுசெய்வதும் அதில் நேரும் பிழைகளும்

இரும்பு மாத்திரையின் உறையில் உப்பின் எடையும் தனி இரும்பின் எடையும் வேறு வேறு. உலர்ந்த ஃபெரஸ் சல்ஃபேட் 200 மில்லிகிராமில் இருப்பது சுமார் 65 மில்லிகிராம் இரும்புதான். தனி இரும்பு என்று குறிப்பிட்ட எண்ணையே கணக்கில் கொள்ளுங்கள். ஒரு மாத்திரை விழுங்கினால் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து, அடுத்த ஒரு நாளைக்குக் குடலின் கதவைப் பாதி சாத்திவிடுகிறது. அதனால் தினமும் இரண்டு வேளை விழுங்குவதைவிட, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு வேளை விழுங்கும்போது ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதலான பங்கு சேர்கிறது, வயிற்றுக்கும் தொல்லை குறைவு. அவருக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்தது அப்படித்தான்: 60 மில்லிகிராம், ஒன்றுவிட்ட நாளில், வெறும் வயிற்றில். மூன்றாம் வாரம் தொலைபேசியில் விசாரித்தபோது, காலைத் தேநீரோடு விழுங்கிவருவதாகச் சொன்னார். தேநீரை ஒன்றரை மணி நேரம் தள்ளிவைத்து, மாத்திரையை எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு எடுக்கச் சொன்னேன். கால்சியம் மாத்திரை இருந்தால் அதை இரவுக்கு மாற்றிவிட வேண்டும்.

ஃபெரிட்டின் பார்க்காமல் இரும்பு விழுங்கக் கூடாது. உடலில் இரும்பு அளவுக்கு மீறித் தேங்கும் பரம்பரை நோய் உள்ளவர்களுக்கும் முதல் அறிகுறி சோர்வாகவே இருக்கலாம்.

பி12-ஐப் பொறுத்தவரை, ஒரு வேளையில் முறையான வழியாகக் குடல் ஏற்கக்கூடியது ஏறத்தாழ 2 மைக்ரோகிராம் மட்டும். அதற்கு மேலே கொடுத்ததில் சுமார் ஒரு சதவீதம் தானாகக் கசிந்து உள்ளே போகும். 1,000 மைக்ரோகிராம் மாத்திரையில் 10 மைக்ரோகிராம் அளவுக்குச் சேர்கிறது என்பதால்தான் இவ்வளவு பெரிய அளவு தருகிறார்கள்; அதில் அச்சப்பட ஒன்றுமில்லை. நரம்பு அறிகுறி இருந்ததால் அவருக்கு முதலில் ஊசி போட்டார்கள், பிறகு மாத்திரை. சுருள்பாசி போன்றவற்றில் பி12 இருப்பதாக விற்கிறார்கள். அதிலிருப்பது பெரும்பாலும் மனித உடலுக்குப் பயன்படாத போலி வடிவம். அதனால் ரத்தத்தில் எண் உயரலாம், குறைபாடு தீராது.

வைட்டமின் டி கொழுப்பில் கரைவது. எண்ணெயே இல்லாத வேளையில் எடுத்தால் குறைவாகத்தான் சேரும். அன்றைய உணவில் கொழுப்பு அதிகமுள்ள வேளையோடு எடுங்கள். 60,000 அலகு மாத்திரை வாரத்துக்கு ஒன்று என்று எழுதியிருக்க, அதைத் தினமும் விழுங்கியவர்களுக்கு ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் குழப்பமும் சிறுநீரகப் பாதிப்பும் வந்ததுண்டு. சீட்டில் உள்ள "வாரம்" என்ற சொல்லை வீட்டில் இன்னொருவரும் ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.

ஏழாம் படி: மறுபரிசோதனை

ரத்தசோகை வந்துவிட்டவர்களுக்கு இரும்பு தொடங்கி மூன்று நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் சுமார் 1 கிராம் உயர வேண்டும். சேமிப்பு நிரம்ப அதற்கு மேலும் மூன்று மாதம் பிடிக்கும்; ஹீமோகுளோபின் சரியானதும் மாத்திரையை நிறுத்திவிடுவதுதான் ஆறு மாதத்தில் அதே இடத்துக்குத் திரும்புவதற்கான காரணம். வைட்டமின் டி-யை மூன்று மாதத்துக்கு முன் மறுபடி சோதிப்பதில் பயனில்லை, எண் இன்னும் ஓரிடத்தில் நிலைத்திருக்காது. பி12 எடுத்துவரும்போது பி12-ஐயே மறுபடி அளந்தால் உயர்ந்துதான் வரும். ஹோமோசிஸ்டீன் இறங்கியதா என்று பாருங்கள்.

மூன்று மாதம் கழித்து அந்தப் பெண்ணின் அறிக்கையில் ஹீமோகுளோபின் 13.2, ஃபெரிட்டின் 34, ஹோமோசிஸ்டீன் 10, வைட்டமின் டி 27. ஆர்.டி.டபிள்யூ. 14.1-க்கு வந்திருந்தது, எம்.சி.வி. ஏறக்குறைய மாறவே இல்லை. மூச்சு வாங்குவது முதலில் நின்றது. பாதத்தின் மரப்பு குறைந்திருக்கிறது, முழுவதும் நீங்கவில்லை. 1,400 கலோரிக்கு உயர்த்தி, தயிரைத் திரும்பச் சேர்த்து, பி12-ஐ நிரந்தரமாகத் தொடர்கிறார்.

எண்கள் இப்படி உயராவிட்டால், மாத்திரையின் அளவைக் கூட்டுவதற்கு முன் காரணத்தைத் தேட வேண்டும். நீரிழிவுக்கு எடுக்கும் மெட்ஃபார்மினும், நெடுநாள் விழுங்கும் அமிலக் குறைப்பு மாத்திரைகளும் பி12 சேர்வதைக் குறைக்கும். அமிலக் குறைப்பு மாத்திரை இரும்பையும் தடுக்கும். மூன்று சத்தும் சேர்ந்து குறைந்து, மருந்துக்கும் அசையாமல் நின்றால், கோதுமைப் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனையையும், இரைப்பைக் கிருமிக்கான பரிசோதனையையும் கேளுங்கள். சீலியாக் பரிசோதனைக்கு முன் கோதுமையை நிறுத்திவிடக் கூடாது, நிறுத்தினால் நோய் இருந்தும் இல்லை என்று வந்துவிடும். மாதவிடாய் ஏழு நாட்களைக் கடந்தாலோ, ஒரு மணி இரண்டு மணிக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருந்தாலோ மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். ஆணுக்கோ மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்பு குறைந்திருந்தால் அதைச் சைவ உணவின் மீதும் உணவுக் கட்டுப்பாட்டின் மீதும் போட்டுவிட்டு அமைதியடையக் கூடாது. குடலில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று பார்த்து, இல்லை என்று உறுதியான பிறகே உணவைக் காரணமாகக் கொள்ள வேண்டும்.